ஐந்து பேருக்கு ஒரு வாய்

ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு, பனியன் கம்பெனி கேண்டீனில் உட்கார்ந்து சுகந்தி தக்காளி சாதம் சாப்பிட்டாள். அதே நேரத்தில் எட்டு கிலோமீட்டர் தள்ளி எங்கள் லைன் வீட்டில் அவளுடைய அப்பாவும் அம்மாவும், காலேஜ் மரத்தடியில் தங்கை இந்துமதியும், பாலிடெக்னிக் பட்டறையில் தம்பி நவநீதனும் ஆளுக்கொரு ஏப்பம் விட்டார்கள், நாலு ஏப்பத்திலும் தக்காளி வாசம் அடித்தது. அன்றையிலிருந்து அந்த நாலு பேரும் என்ன சாப்பிட்டாலும் பசி அடங்கவில்லை. வாய் மென்றது, தொண்டை விழுங்கியது, வயிறு மட்டும் காலியாகவே கிடந்தது. சுகந்தி சாப்பிட்டால்தான் அவர்களுக்கு வயிறு நிறையும் என்பது இரண்டு நாளில் எல்லோருக்கும் தெளிவாகிவிட்டது.

நான் நாலாம் நம்பர் வீடு, அவர்கள் ஐந்தாம் நம்பர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு செங்கல் சுவர்தான். அவர்கள் வீட்டில் டம்ளர் விழுந்தால் எங்கள் வீட்டில் திரும்பிப் பார்ப்போம். அதுவும் போக நானும் சுகந்தியும் ஒரே கம்பெனி, ஒரே செக்கிங் டேபிள், போக வர ஒரே கம்பெனி வேன். அவள் சூப்பர்வைசர், நான் தைத்து வருகிற பீஸில் குறை பார்க்கிறவள். ஆகவே இந்தக் கதையை மற்றவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும், இதில் நான் செய்த தப்பும் எனக்கு நன்றாகத் தெரியும்.

யாரும் பெரிதாக அதிர்ந்து போகவில்லை. அவள் அப்பா வேலுச்சாமி சாயப்பட்டறையில் முதுகு ஒடிந்து வீட்டில் உட்கார்ந்து ஆறு வருஷம். அன்றையிலிருந்து அந்த வீட்டு அடுப்பு எரிந்தது சுகந்தியின் சம்பளத்தில்தான். சம்பாதிப்பது அவள், சாப்பிடுவது மட்டும் ஏன் நாலு பேர் தனியாகச் சாப்பிட வேண்டும், ஏதோ ஒரு சாமி வேலையைச் சுருக்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான் என்று எங்களிடம் வாடகை வாங்குகிற வீட்டுக்காரம்மா தண்ணீர் பிடிக்கிற இடத்தில் தீர்ப்புச் சொன்னாள், நாங்களும் குடத்தைத் தூக்கிக்கொண்டு சரி என்று வந்துவிட்டோம். கிளினிக் டாக்டர் வேலுச்சாமியின் சீட்டில் 'அரிசி குறைக்கவும், காய் கூட்டவும், மகளிடம் சொல்லவும்' என்று எழுதிக் கொடுத்தார். கேண்டீன் பெண்கள் அவளுக்குப் பெரிய கரண்டி எடுத்தார்கள். எட்டாம் நம்பர் வீட்டுக்காரன் மட்டும் ஒருநாள் தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்து, 'ஏனுங்க, நாலோட அஞ்சா இவனையும் சேத்துக்க முடியுங்களா' என்று கேட்டு, பழனாத்தாவிடம், அதாவது சுகந்தியின் அம்மாவிடம், விளக்குமாற்றால் பதில் வாங்கிக்கொண்டு போனான்.

ஆனால் ஒரு சங்கதி, சாப்பாடு பங்காகித்தான் போனது. ஒரு தட்டுச் சோறு தின்றால் ஆளுக்குக் கால் வயிறுகூட நிறையாது. ஐந்து பேர் சோற்றை அவள் ஒருத்தி வாயால் மென்றாக வேண்டும். பழனாத்தா காலை நாலரைக்கு எழுந்து ஐந்து டப்பா கட்டினாள். கம்பெனியில் மதியச் சாப்பாட்டுக்கு விடுவது அரை மணி. மணியடித்து எல்லோரும் கை கழுவிய பிறகும் அவள் மூன்றாவது டப்பாவில் இருப்பாள். தாடை வலித்து இரண்டு கன்னத்திலும் தைலம் தேய்த்துக்கொண்டு வேலை பார்ப்பாள். அதற்கு நடுவில் போன் வேறு. நவநீதன் கூப்பிடுவான்: 'அக்கா, இன்னைக்கு ஒரு ஆம்லெட்டாச்சும் தின்னுக்கா, நாக்கு செத்துப்போச்சு.' இந்து கூப்பிடுவாள்: 'அக்கா, ரெண்டு மணிக்குப் பரீட்சை, ஒண்ணரைக்குள்ள சாப்புட்ரு.' அப்பா கூப்பிடவே மாட்டார். அவருக்குச் சர்க்கரை இருந்தது. சுகந்தி எட்டு மணிக்குக் கம்பெனியிலேயே ராத்திரிச் சாப்பாட்டை முடித்ததும் அவர் மாத்திரை போட வேண்டும். எட்டுக்கு அவள் சாப்பிட மறந்தால் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், ஒரு வார்த்தை கேட்க மாட்டார். அது கேட்பதைவிடக் கொடுமை என்று சுகந்தி என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

அவள் இனிப்பைத் தொட்டு இரண்டு வருஷமாகிவிட்டது. தீபாவளிக்கு நாங்கள் கொண்டுபோய்க் கொடுத்த தட்டை வாங்கி, முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

இப்படி இருக்கையில் பேட்டர்ன் மாஸ்டர் ஞானசேகர் அவள் டேபிளுக்கு வந்தார். பேட்டர்ன் என்பது ஒரு பனியனை வெட்டுவதற்கு முன்னால் அதன் ஒவ்வொரு பாகத்துக்கும் எடுக்கிற அளவு அச்சு. முன்பு அட்டையில் வெட்டுவார்கள், இப்போது கம்ப்யூட்டரில் போடுகிறார்கள். குழந்தைகள் பனியன் ஒன்று தலை நுழையவில்லை என்று சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையரிடமிருந்து மூன்று தடவை திரும்பி வந்திருந்தது. மாஸ்டர் சாம்பிளை டேபிளில் போட்டு, 'எங்கம்மா தப்பு?' என்றார். சுகந்தி கழுத்தை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். 'கழுத்து வட்டம் சரிதானுங்க சார். ரிப் பட்டிதான் நீளம் பத்தல. இழுத்து வெச்சுத் தெச்சதால வட்டத்தையே சுருக்கிப் புடிக்குது. பட்டிய முக்கால் இஞ்ச் கூட்டுங்க, சாயம் போட்டா இன்னும் சுருங்கும், அதுக்குக் கொஞ்சம் சேத்து விடுங்க' என்றாள். ஒன்பது வருஷமாக லட்சம் கழுத்தைக் கையால் பார்த்தவளுக்கு இது தெரியாமல் இருக்குமா. அந்தச் சாம்பிள் நாலாவது தடவை பாஸ் ஆனது.

மாஸ்டர் அவளை பேட்டர்ன் ரூமுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். அவர் சொன்னதை அவள் அப்படியே வேனில் என்னிடம் சொன்னாள். 'நீ இன்னும் பத்து வருஷம் இதே டேபிள்ல நின்னாலும் சூப்பர்வைசர்தான். நாப்பது வயசுல கண்ணு மங்கும், கால் நரம்பு சுருட்டிக்கும், அப்ப புதுசா ஒரு புள்ளய நிறுத்திருவாங்க. பேட்டர்ன் ரூம்ல வயசாக ஆக மதிப்பு கூடும். ஆனா சும்மா வராது. கம்ப்யூட்டர் பேட்டர்ன் கிளாஸ் ஆறு மாசம், சாயந்தரம் ஆறுல இருந்து எட்டரை. முடிச்சா நான் எடுத்துக்கறேன், ஒரு வருஷம் டிரெய்னி. அந்த ஒரு வருஷம் நீ இப்ப வாங்கறதவிடக் கொறச்சலாத்தான் வரும். அதுக்கப்புறம் எங்க போனாலும் உன்னைக் கூப்புடுவாங்க.'

இதில் இருக்கிற சிக்கல் எங்கள் ஊர்க்காரர்களுக்கு உடனே புரியும். காலை எட்டரைக்கு உள்ளே போனால் சாயந்தரம் ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட் முடியும்; எட்டரை வரை இழுத்தால் ஒன்றரை ஷிப்ட். சுகந்தி ஆறு வருஷமாக ஒன்றரை பார்த்தே குடும்பத்தை ஓட்டினாள். ஒரு ஷிப்ட் சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் மருந்துக்கும் சரி. அந்த அரை ஷிப்டில்தான் இந்துவின் காலேஜும் நவநீதனின் பாலிடெக்னிக்கும் நடந்தன. கிளாஸ் வைத்திருந்ததும் அந்த அரை ஷிப்ட் நேரத்தில்தான். ஆக அவள் மேலே ஏற வேண்டுமானால் தம்பி தங்கை நிற்கிற பலகையை உருவி ஏணி செய்ய வேண்டும். அது அவளுக்குத் தெரிந்தது, அதனால்தான் மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை.

திறந்தபோது அவள் நன்றாகவே யோசித்து வைத்திருந்தாள். 'வாரத்துல அஞ்சு நாள் கிளாஸ். சனிக்கிழமை ஒண்ணரை பாக்கறேன், ஞாயித்துக்கெழமை வேலை இருந்தா அதும் பாக்கறேன். நவநீதனுக்குக் கடைசி வருஷம், ஏப்ரல்ல முடிஞ்சுரும். போஸ்ட் ஆபீஸ்ல கல்யாணத்துக்குன்னு போட்டு வெச்சதை டிரெய்னி வருசத்துக்கு எடுத்துக்கலாம்' என்றாள். வீட்டில் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பழனாத்தா மட்டும், 'எட்டு மணிச் சாப்பாடு, சாமி?' என்றாள். 'கிளாஸ்ல பத்து நிமிசம் கேட்டு வெளிய வந்து சாப்புட்டுக்கறம்மா.' ஐந்து பேர் சோறு பத்து நிமிஷத்தில் ஆகுமா என்று யாரும் கேட்கவில்லை.

கேட்டது நாங்கள்தான். இந்த ஊரே அவள் கிளாஸுக்குப் போவதைத் தன் வீட்டு விஷயமாக எடுத்துக்கொண்டது. வீட்டுக்காரம்மா, 'நாலு வயிறு அந்தப் புள்ள வாய நம்பி இருக்குது, அதுக்குப் படிப்பு கேக்குதா' என்றாள். கேண்டீனில் பெரிய கரண்டி மறுபடி சின்னக் கரண்டியானது. நானும் சும்மா இருக்கவில்லை. வேனில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, 'அப்பன் முகம் வாடிப் போச்சு பாத்தியா கண்ணு' என்று நல்லது சொல்வதுபோலச் சொல்வேன். சொல்லும்போது உள்ளே ஒரு சின்னப் பொறாமை இருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். அவள் பேட்டர்ன் ரூமுக்குப் போய்விட்டால் டேபிளில் நான் யாருடன் பேசுவேன்.

அவள் போனாள். பத்து நிமிஷம் என்று சொல்லி வந்து, கிளாஸ் மாடிப்படியில் உட்கார்ந்து, தண்ணீர் விட்டுக் கரைத்த சாதத்தைக் குடிப்பது மாதிரிச் சாப்பிட்டாள். வீட்டில் நாலு பேருக்கும் எப்போதும் பாதி வயிறு. நவநீதன் மெலிந்தான். அப்பா பெல்ட்டில் புது ஓட்டை போட்டார். அவள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பரிகாரம் செய்வதுபோல மத்தியானம் முழுவதும் தின்றாள், தின்றுகொண்டே அழுவாள், 'அக்கா அழுதுட்டுத் தின்னா எங்களுக்கு விக்குது' என்று இந்து வந்து முதுகைத் தடவுவாள்.

நாலாவது மாசம் மாஸ்டர் அவளிடம் ஒரு வேலையை முழுசாகக் கொடுத்தார்: ஒரு குட்டிப் பனியன், ஆறு சைஸ், எல்லாச் சைஸுக்கும் பேட்டர்ன் அவளே போட வேண்டும், துணியில் அடுக்குவதும் அவளே. வெட்டிப் பார்த்தால் வழக்கத்தைவிடத் துணி மிச்சமாகியிருந்தது. பையர் முதல் தடவையே பாஸ் செய்துவிட்டான். முதலாளி நாலு கிலோ ஜாங்கிரி வாங்கி அனுப்பினார்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. நல்ல சேதி வந்தால் சேதிக்காரர் கையில் இனிப்பைக் கொடுக்க மாட்டோம், வாயில் வைப்போம். அவள் படியேறி வந்ததும் நான்தான் முதலில் ஓடினேன். 'வாயத் தொற கண்ணு' என்றேன். அவள் திறந்தாள். நான் வைத்தேன். வைத்தபோது எனக்கு வேலுச்சாமி ஞாபகமே இல்லை. நாலு மாசமாக அவரைச் சொல்லிச் சொல்லியே அவளைக் குத்திய எனக்கு, அந்த ஒரு நிமிஷம் அவர் ஞாபகம் வரவில்லை. எனக்குப் பின்னால் டேபிளே வரிசையாக வந்தது, ஆளுக்கு ஒன்று ஊட்டினார்கள். அவள் கையை உயர்த்தித் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, உதட்டில் ஒட்டிய பாகையும் நக்கினாள். எண்ணிப் பார்த்தால் பதினொன்று இருக்கும்.

அன்று சாயந்தரம் வேலுச்சாமி கட்டிலிலிருந்து எழுந்து தண்ணீர் தண்ணீர் என்று மூன்று சொம்பு குடித்தார். காலில் ஏற்கெனவே ஆறாத ஒரு புண் இருந்தது, காய்ச்சலும் இருந்தது. ஆஸ்பத்திரியில் ஊசியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, சர்க்கரை நானூற்று அறுபது என்றார்கள். கிளாஸிலிருந்து சுகந்தி ஓடி வந்தபோது அவருக்கு பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் கட்டில் காலடியில் நின்றாள், கிட்டே போகவில்லை. அவர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்துச் சிரித்தார்.

'ஜாங்கிரிதான சாமி? நல்லா இருந்துச்சு. பாஸ் ஆயிருச்சா?'

அவள் ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். 'எனக்கு ஞாபகம் இருந்துச்சுங்க சரசக்கா. ஒவ்வொண்ணு வாயில வைக்கும்போதும் அப்பா ஞாபகம் இருந்துச்சு. ஒருநாள் எனக்காகத் தின்னா என்னன்னு தின்னேன்' என்று என் மடியில் சொன்னாள். முதல் ஜாங்கிரியை வைத்த கை அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தது.

அவர் ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தார். சுகந்தி கிளாஸை நிறுத்திவிட்டு ஒன்றரை ஷிப்டுக்குத் திரும்பினாள், கேண்டீனில் பெரிய கரண்டி திரும்பி வந்தது, வீட்டுக்காரம்மா வெள்ளிக்கிழமை அவர்கள் வாசலுக்குப் பூ அனுப்பினாள். எல்லோருக்கும் திருப்தி. மாஸ்டர் மட்டும், 'ரெண்டு வாரம் உன் எடத்த வெச்சிருக்கச் சொல்லியிருக்கேன்' என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்தச் சமயத்தில்தான் இந்து என் வீட்டுக்கு வந்து, என் மகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன் என்றாள். ஒரு வாரத்தில் லைன் வீட்டுப் பிள்ளைகள் ஏழு பேர் சேர்ந்தார்கள். 'அக்காகிட்டச் சொல்லிராதீங்க. டிகிரி முடிக்கிற வரைக்கும் நீ ஒரு ரூவா சம்பாரிக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா' என்றாள். அது உண்மைதான், தம்பியும் தங்கையும் வேலை என்று வாயெடுத்தாலே சுகந்தி, 'நான் பாத்துக்கறேன், நீங்க படிங்க' என்று அடைத்துவிடுவாள். அதைப் பாசம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம், அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். முதல் வாரப் பணத்தில் இந்து ஒரு பாக்கெட் ரவை வாங்கி, என் அடுப்பில் உப்புமா கிண்டி, என் சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்ததும் அப்படியே சுவரில் சாய்ந்தாள்.

'அக்கா' என்றாள் என்னிடம். 'வயிறு நெறஞ்சிருச்சுங்க.'

விஷயம் மறுநாளே சுகந்திக்குத் தெரிந்தது. கேண்டீனில் நாலாவது டப்பாவிலேயே வயிறு போதும் என்றுவிட்டது, ஐந்தாவது டப்பா மீந்தது. அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். செங்கல் சுவருக்கு அந்தப் பக்கம் அப்படியொரு சத்தம் நான் கேட்டதில்லை.

'உன்னை நான் கேட்டனா? நான் குடுக்கறது பத்தலியா?'

'பத்தாதுன்னு யாரு சொன்னா? நீ எங்களுக்காகத் தின்னு தின்னு எங்களுக்குப் பல்லே எதுக்குன்னு மறந்துபோச்சுக்கா.'

'உனக்குப் பரீட்சை போயிருச்சுன்னா?'

'ஒரு மணி நேரம் டியூசன். போகாது. உனக்குக் கிளாஸ் போனதுக்கு யாரு பொறுப்பு?'

பிறகு வேலுச்சாமியின் குரல் கேட்டது. அவர் பேசி நான் கேட்பதே அபூர்வம். 'கீழ சைக்கிள் ஸ்டாண்டுல டோக்கன் குடுக்க ஆள் கேக்கறாங்க. உக்காந்து பாக்கற வேலை. முதுகு தாங்கும். உன்னைக் கேட்டா வேண்டாம்பேன்னுதான் ஒரு வருசமாக் கேக்கல சாமி.' சுகந்தி அழுதாள். பாரம் குறைந்ததற்கு அழுதாளா, தான் இல்லாமலும் இவர்கள் சாப்பிடுவார்கள் என்பதற்கு அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை என்று பிற்பாடு சொன்னாள். பாரம் போய்விட வேண்டும் என்று மனசுக்குள் எத்தனையோ தடவை வேண்டியிருந்ததால், போகத் தொடங்கியபோது அவளுக்கு அது களவு மாதிரி இருந்தது.

பதின்மூன்றாவது நாள் அவள் கிளாஸுக்குத் திரும்பினாள். இந்து தன் வயிற்றைத் தானே பார்த்துக்கொண்டாள், மற்ற மூன்று வயிறும் சுகந்தியிடமே இருந்தன. சைக்கிள் ஸ்டாண்டில் இன்னும் கூப்பிடவில்லை, நவநீதனுக்கு ஏப்ரல் வரவில்லை. இரண்டு மாசம் அப்படியே ஓடியது.

கிளாஸின் கடைசிப் பரீட்சை ஒரு புதன்கிழமை, ஆறிலிருந்து ஒன்பது வரை. ஒரே மூச்சில் ஒரு சட்டைக்கு முழுப் பேட்டர்ன் போட வேண்டும். நடுவில் எழுந்தால் உட்கார விடமாட்டார்கள். ஏழரைக்கு வெளியே வந்து சாப்பிட்டுவிடுகிறேன், பரீட்சை போனால் போகட்டும் என்று காலையில் அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் அவள் எல்லாவற்றையும் மறந்துபோனாள். ஏழரையை மறந்தாள், எட்டை மறந்தாள், அப்பாவை மறந்தாள்.

இங்கே எட்டு மணிக்கு வேலுச்சாமி மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். எட்டேகாலுக்கு இந்து புத்தகத்தை மூடினாள். அவளுக்கு மறுநாள் செமஸ்டர். தன் காசில் வாங்கிய ரவையில் ஒரு பெரிய சட்டி உப்புமா கிண்டினாள், அவசரத்தில் உப்பை இரண்டு தடவை போட்டாள், சட்டியோடு நடு வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். 'இன்னைக்கு நான் தின்னு பாக்கறேன்' என்றாள். நானும் என் மகளும் வாசலில் நின்று பார்த்தோம். அவள் மென்றாள், கண்ணில் தண்ணீர் வர மென்றாள், தாடையைப் பிடித்துக்கொண்டு மென்றாள். பாதிச் சட்டியில் வேலுச்சாமி ஒரு ஏப்பம் விட்டார். நவநீதன் விட்டான், பழனாத்தா விட்டாள். வேலுச்சாமி மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தார். இந்து நிறுத்தவில்லை; சட்டியில் இன்னும் ஒரு ஆள் பங்கு இருந்தது, அதையும் வழித்துத் தின்றாள்.

ஒன்பது அடித்துக் கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. இந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள். சுகந்திக்கு மூச்சு வாங்கியது.

'அப்பா மாத்திரை போட்டாரா? நான் மறந்துட்டேன்டி, நான் சுத்தமா மறந்தே போயிட்டேன். இப்பத்தான் டப்பாவத் தொறந்தேன்... எனக்கு வயிறு நெறஞ்சிருக்குது. நான் ஒண்ணுமே திங்கல இந்து. யாரு...'

அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

'ஏன்டி, உனக்கு நாளைக்குப் பரீட்சையில்ல?'

'இருக்குது' என்றாள் இந்து, தாடையைத் தேய்த்துக்கொண்டே. 'உப்பு கூடிருச்சான்னு சொல்லு மொதல்ல.'